மண்டிக் கணக்கும் முதல் ஐந்து நிமிடமும்

"அக்கா, எனக்கு ஊர் களக்காடு. பி.காம். முடிச்சிட்டு ஆறு மாசமா ஒரு வாழைத்தார் மண்டியில கணக்கு எழுதுறேன். வர்ற வெள்ளிக்கிழமை காலைல 10 மணிக்கு வண்ணார்பேட்டையில ஒரு ஆஸ்பத்திரியில பில்லிங் பிரிவு வேலைக்கு இன்டர்வியூ. மூணு பேர் உட்கார்ந்து கேப்பாங்களாம். வெயிட்டிங் ரூம்ல எப்படி இருக்கணும்? உள்ள போனதும் கை குடுக்கணுமா, வணக்கம் சொல்லணுமா? முதல் அஞ்சு நிமிஷத்துலயே முடிவு பண்ணிருவாங்கன்னு சொல்றது நெசமா?"

தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயத்தோடு உள்ளே போனால் மற்றது எதுவும் ஒழுங்காக வராது.

அந்தப் பேச்சு வெகு நாளாக உலவுகிறது. 1958-ல் கனடாவில் ஒருவர் செய்த ஆய்வில், நேர்காணல் எடுப்பவர்கள் சராசரியாக நாலு நிமிடத்துக்குள் முடிவுக்கு வந்துவிடுவதாகத் தெரிந்தது. அதைத்தான் இன்றைக்கும் எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை இன்னும் பெரிய அளவில் பார்த்தது. 600-க்கும் மேற்பட்ட நேர்காணல்களில், எந்த நேரத்தில் முடிவெடுத்தீர்கள் என்று நேர்காணல் எடுத்தவர்களிடமே கேட்டார்கள். முதல் நிமிடத்திலேயே முடிவெடுத்தது ஏறக்குறைய 5 சதவீதத்தில்தான். ஐந்து நிமிடத்துக்குள் என்று பார்த்தால் 25 சதவீதம். பதினைந்து நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட 60 சதவீதம். அதாவது ஐந்து நிமிடம் முடியும்போது நாலில் மூன்று நேர்காணல்களில் இன்னும் மனசு திறந்துதான் இருக்கிறது.

அப்படியானால் முதல் ஐந்து நிமிடத்துக்கு என்ன வேலை? கேள்வி தொடங்கும் முன் நடக்கும் நாலு வார்த்தைப் பேச்சில் உண்டாகும் அபிப்பிராயம், அடுத்து வரும் கேள்விகளுக்குப் போடும் மதிப்பெண்ணில் ஏறுகிறது. முதல் இரண்டு மூன்று கேள்விகளில் அது நன்றாகத் தெரியும், போகப் போகக் குறையும். இதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், நானும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஆள் எடுக்கும் மேஜைக்குப் போனவள் நான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அன்றைக்கு ஏழாவதோ எட்டாவதோ ஆள் நீ. எல்லாரும் பி.காம்., எல்லாருக்கும் டேலி தெரியும். உன்னிடம் எதைக் கேட்பது என்று அவர்களுக்கே ஒரு பிடி வேண்டியிருக்கும். அந்தப் பிடியை முதல் ஐந்து நிமிடத்தில் நீயே கொடுத்துவிட்டால், அடுத்த கேள்வி உனக்குத் தெரிந்த இடத்திலிருந்து வரும். கொடுக்காவிட்டால் பாடப்புத்தகத்திலிருந்து வரும். எனக்குத் தெரிந்தவரை அந்த ஐந்து நிமிடத்தின் பயன் இவ்வளவுதான், ஆனால் இது சின்ன விஷயம் இல்லை. உன்னிடம் இருக்கும் பிடி மண்டிக் கணக்கு. அதை எப்படி எடுத்து வைப்பது என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும்.

10 மணி என்றால் 9.45-க்கு வரவேற்பு மேஜை முன்னால் நிற்க வேண்டும். அதற்கு மேல் சீக்கிரமாகப் போனாலும் தொந்தரவுதான். உட்கார வைக்க இடம் இருக்காது, அவர்களும் தயாராகி இருக்க மாட்டார்கள். களக்காட்டு பஸ் புதிய பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டால் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வர வேண்டும். ஆபீஸ் நேரத்தில் வண்ணார்பேட்டைப் பக்கம் எவ்வளவு நெரிசல் என்று உனக்கே தெரியும். அதனால் 9.15-க்கு அந்தத் தெருவுக்குள் இருப்பது மாதிரி கிளம்பு. மீதி அரைமணி நேரம் முகம் கழுவ, தண்ணீர் குடிக்க, வேர்வை அடங்க. நம்ம ஊர் வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக ஏ.சி. அறைக்குள் போனால் பத்து நிமிடத்துக்கு மூச்சே நிதானத்துக்கு வராது.

அப்பாவோ அண்ணனோ கூட வந்தால் தப்பே இல்லை, நம்ம பக்கத்தில் அது சகஜம். ஆனால் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடையோடு நின்றுகொள்ளட்டும். உள்ளே வந்து, "பிள்ளைய எப்போ கூப்பிடுவீங்க?" என்று உனக்காக அவர் கேட்கத் தொடங்கினால், நாளைக்குக் கவுன்டரில் சண்டை பிடிக்கும் நோயாளியின் உறவினரை இந்தப் பெண் தனியாகச் சமாளிப்பாளா என்ற சந்தேகம் வந்துவிடும். வரவேற்பு மேஜையில் இருந்தபோது அந்தச் சந்தேகம் எனக்கே வந்திருக்கிறது, நான் வெறும் பெயர் எழுதுகிறவளாக இருந்தபோதே.

வாசலில் செக்யூரிட்டியிடம் வணக்கம் சொல்லி, எதற்கு வந்திருக்கிறாய் என்று சொல்லி, பார்வையாளர் பதிவேட்டில் எழுது. வரவேற்பு மேஜையில் ஒரே மூச்சில் மூன்று விஷயம் சொன்னால் போதும்: முழுப்பெயர், என்ன வேலைக்கு, எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள். "வணக்கம் மேடம், என் பேரு இன்னது, பில்லிங் வேலைக்கு 10 மணி இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தாங்க." அந்தப் பெண் போனில் இருந்தால் பேசி முடிக்கும்வரை மேஜையிலிருந்து ஓர் அடி தள்ளி நில். கைப்பையை அந்த மேஜைமேல் வைக்காதே.

அடுத்து உன் கையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். வெயிட்டிங் ரூமில் நடப்பதிலேயே முக்கியமானது இதுதான், இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. நீ உள்ளே போகும் முன்பே அந்தப் படிவம் உள்ளே போய்விடும். நீ நாற்காலியில் உட்காரும்போது மூன்று பேரில் ஒருவர் அதைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார். அதில் உள்ளதும் உன் பயோடேட்டாவில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். "பயோடேட்டாவுல 71.4 சதவீதம், இதுல 74-னு போட்டிருக்கீங்க, எது சரி?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், நீ என்ன விளக்கம் சொன்னாலும் அந்த ஐந்து நிமிடம் போனது போனதுதான். கணக்கு வேலைக்கு வந்த பிள்ளை தன் மதிப்பெண்ணையே இரண்டு விதமாக எழுதியிருக்கிறாள் என்று ஆகிவிடும். அதனால் பயோடேட்டா நகல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே நிரப்பு. நீலமோ கறுப்போ, சொந்தப் பேனா இரண்டு. பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு, ஆதார் நகல் ஒன்று. எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே, பொருந்தாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிடு.

படிவத்தில் "முன் அனுபவம்" என்று ஒரு கட்டம் இருக்கும். உன்னை மாதிரி வருகிறவர்களில் பெரும்பாலானோர் அங்கே "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். மண்டி வேலையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று நினைக்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. மண்டியின் பெயர், ஊர், எந்த மாதத்திலிருந்து, என்ன வேலை என்று எழுது. "கணக்கர்" என்று மட்டும் எழுதாமல், "தினசரிச் சிட்டையை டேலியில் ஏற்றுதல், மாலையில் ரொக்கம் சரிபார்த்தல்" என்று எழுது. உள்ளே இருப்பவர் கண்ணில் முதலில் விழப்போவது அந்த வரிதான். நீ பேசத் தொடங்கும் முன்பே பிடியைக் கொடுத்தாகிவிட்டது.

படிவத்தைக் கொடுத்த பிறகு காத்திருப்பது. ஆஸ்பத்திரியில் நேர்காணலுக்கென்று தனி அறை அநேகமாக இருக்காது. ஓ.பி.க்கு வந்த நோயாளிகள் உட்காரும் வரிசையிலோ அலுவலக வராந்தாவிலோதான் உட்கார வைப்பார்கள். யாராவது கைபிடித்து நடத்தி வரும் ஒரு பாட்டிக்கு இடம் இல்லை என்றால் எழுந்து கொடு. யாராவது வந்து, "ஸ்கேன் எடுக்கிற இடம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டால், தெரியாது என்று முகத்தைத் திருப்பாமல், "எனக்குத் தெரியலம்மா, அந்த மேஜைல கேட்டுச் சொல்லட்டுமா?" என்று கேள். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. நாளைக்குக் கவுன்டரில் நாள் பூராவும் நீ செய்யப்போகும் வேலையே இதுதான். அதை அந்த வராந்தாவில் பார்க்க நிறையக் கண்கள் உண்டு. நேர்காணல் எடுக்கும் மூவரில் ஒருவர் கேன்டீனுக்கோ வார்டுக்கோ போகும்போது உன் முன்னால் நடந்தே போயிருப்பார், அவர் யாரென்று உனக்குத் தெரிந்திருக்காது.

வரவேற்பு மேஜையில் இருந்த காலத்தில் சாயங்காலம் என்னை உள்ளே கூப்பிட்டு, "அந்தப் பச்சைச் சேலை கட்டி வந்த பிள்ள வெளிய எப்படி இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் சமமாக நிற்கும்போது கேட்பது உண்டு. அப்போது என் நினைவில் நின்றது யார் அழகாக உடுத்தி வந்தார் என்பது இல்லை. படிவம் நிரப்ப என் பேனாவை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர், கால்மணிக்கு ஒருமுறை வந்து "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டவர், போனில் வீட்டாரிடம் ஆஸ்பத்திரியைப் பற்றிக் குறை பேசியவர், இவர்கள்தான் நினைவில் நின்றார்கள்.

போனை அணைத்தே வை. வைப்ரேஷனில் போட்டால் இரும்பு நாற்காலியில் அது உறுமுவது வராந்தா முழுக்கக் கேட்கும். பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளிடம் ஊர், படிப்பு என்று இரண்டு வார்த்தை பேசலாம், அது நல்லதுதான், தொண்டை திறக்கும். ஆனால் உள்ளே போய் வந்தவரைச் சுற்றி நின்று "என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க" என்று விசாரிக்கும் கூட்டத்தில் சேராதே. அவரிடம் கேட்டது அவருடைய படிவத்தைப் பார்த்துக் கேட்டது. அவர் ஜி.எஸ்.டி. பற்றி ஏதோ கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். நீ அடுத்த இருபது நிமிடம் அதையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, உன்னைப் பற்றிக் கேட்கும்போது தடுமாறுவாய்.

10 மணி என்று சொல்லிவிட்டு 12 மணிக்குக் கூப்பிடுவதும் நடக்கும், ஆஸ்பத்திரியில் அது அதிகம். காலையில் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. கழிப்பறைக்குப் போவதானால் வரவேற்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ, அந்த இரண்டு நிமிடத்தில்தான் பெயரைக் கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரம் கடந்தும் தகவல் இல்லை என்றால் ஒரே ஒரு தரம், "மேடம், எனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்கலாம்.

தாமதம் உன் பக்கம் ஆகிவிட்டால் 10 மணிக்கு முன்பே போன் செய். "பஸ் தாமதம் மேடம், 10.20-க்கு வந்துருவேன்" என்று, உண்மையிலேயே முடிகிற நேரத்தைச் சொல். உள்ளே போனதும் "தாமதத்துக்கு மன்னிக்கணும் சார்" என்ற ஒரு வரி போதும். பஸ் கதையை அங்கே விரிக்க வேண்டாம்.

இனி உள்ளே. பெயரைக் கூப்பிட்டதும் ஃபைலை இடது கைக்கு மாற்றிக்கொள், கைப்பை இடது தோளில். வலது கை காலியாக இருக்கட்டும். கதவைத் தட்டு, பாதி திறந்து, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டு, பதில் வந்ததும் போ. கதவைக் கையால் பிடித்து மெதுவாகச் சாத்து, தானாக அடித்துக்கொள்ள விடாதே. நாற்காலி பக்கம் வந்து நின்றுகொண்டு வணக்கம் சொல்.

கை கொடுப்பதா, வணக்கமா என்று கேட்டாய். நீயாகக் கை நீட்ட வேண்டாம், வணக்கம் போதும். கைகுலுக்கல் பற்றிய ஆய்வுகளும் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்ததில், பிடியும் பார்வையும் நன்றாக இருந்தவர்களுக்கு வேலைக்குப் பரிந்துரை கூடியது. ஆனால் அது எல்லாரும் கை குலுக்குகிற ஊர். நம்ம ஊரில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் எழுந்து கை நீட்டுவது அபூர்வம். அதிலும் ஒரு பெண்பிள்ளைக்கு முதலில் கை நீட்டத் தயங்கும் பெரியவர்கள்தான் அதிகம். நீ நீட்டி, அவர் கவனிக்காமல் விட்டால் அந்தக் கை அந்தரத்தில் நிற்கும், அதிலிருந்து மீள உனக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். அவர்கள் நீட்டினால் மட்டும் நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து, முழு உள்ளங்கையும் படும்படி பிடித்து விடு. விரல் நுனியை மட்டும் கொடுக்காதே. கை குலுக்கப் பிடிக்காவிட்டால் கைகூப்பிச் சிரித்தால் போதும், இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று பேருக்கும் தனித்தனியாக மூன்று வணக்கம் வேண்டாம். நடுவில் இருப்பவரைப் பார்த்து "வணக்கம் சார்" என்று தொடங்கி, இரண்டு பக்கமும் பார்த்துத் தலையசைத்தால் எல்லாருக்கும் சேர்ந்துவிடும். பெண் அதிகாரி இருந்தால் "வணக்கம் மேடம்" என்று அவர் பக்கம் திரும்பிச் சொல்லிவிடு. பெரும்பாலும் நர்சிங் மேற்பார்வையாளரோ மனிதவளப் பிரிவு அம்மாவோ ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் நடுவில் இருப்பவரையே பார்த்துப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் உன்னோடு தினமும் வேலை பார்க்கப்போகிறவர் அந்த ஓரத்து ஆளாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் "குட் மார்னிங்" என்று சொன்னாலும் சரிதான், கூப்பிடும்போது மணி 12-ஐத் தாண்டிவிட்டால் "குட் ஆஃப்டர்நூன்" என்று மாற்றிக்கொள்ள மறக்காதே.

உட்காரச் சொல்லும்வரை நில். அவர்கள் படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து சொல்ல மறந்துவிட்டால் இரண்டு மூன்று மூச்சு பொறுத்து, "உட்காரலாமா சார்?" என்று கேள். நாற்காலியைத் தூக்கி இழு, தரையில் கீறவிடாதே. பை காலடியில், ஃபைல் மடியில், மேஜை அவர்களுடையது. சான்றிதழ் கேட்டால் அவர்கள் படிக்கும் பக்கமாகத் திருப்பிக் கொடு. ஃபைலில் மேலே பட்டப்படிப்பு, அடுத்து பிளஸ் டூ, அதற்குக் கீழே பத்தாம் வகுப்பு என்று முதல் நாள் ராத்திரியே அடுக்கி வைத்துவிட்டால் தேட வேண்டியிருக்காது.

அடுத்து அந்த நாலு வார்த்தைப் பேச்சு. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். "சாப்பிட்டேன் சார்" என்று சொல். "எந்த ஊரு?" என்பது கட்டாயம் வரும். திருநெல்வேலிச் சீமையில் யாரைப் பார்த்தாலும் கேட்கும் கேள்விதான், ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்கும்போது அதற்குள் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. பில்லிங் கவுன்டர் ஷிப்டில் ஓடும். இரவு எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ முடிகிற ஷிப்டில் போட்டால் இந்தப் பிள்ளை களக்காட்டுக்கு எப்படிப் போகும், ஒரு மாதத்தில் நின்றுவிடுமோ என்பதுதான் அவர்கள் கவலை. நீ "களக்காடு சார்" என்று நிறுத்தினால் அந்தக் கவலை உள்ளேயே தங்கிவிடும். "களக்காடு சார். வேலை கிடைச்சா பாளையங்கோட்டையில சித்தி வீட்டுல தங்குவேன், எந்த ஷிப்டுன்னாலும் வர முடியும்" என்று உன் நிலைமை எதுவோ அதைச் சொன்னால், பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். முடியாததை முடியும் என்று சொல்லாதே. ராத்திரி ஷிப்ட் ஏலாது என்றால் அதை ஒளிக்காமல், எதுவரை முடியும் என்று சொல்.

சிலர் அதோடு நிற்காமல் "களக்காட்டுல எந்தத் தெரு, யாரு வீடு?" என்று போவார்கள். தெரிந்தவர் மகளா என்று அறிய வெள்ளந்தியாகக் கேட்பவர்கள் உண்டு, சாதி அறியக் கேட்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பதில் போதும். "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சார். இப்ப நான் வேலை பார்க்கிற மண்டியும் அங்க பக்கத்துலதான் இருக்கு" என்று வேலைப் பக்கம் திருப்பிவிடு. முகம் வாட வேண்டாம், தெருப்பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் உனக்கு இல்லை. அந்தக் கேள்வியை விட மறுத்துத் துருவுகிற இடமாக இருந்தால், அந்த இடத்தைப் பற்றி உனக்கும் ஒரு தகவல் கிடைத்துவிட்டது.

இப்போது வரும், "உங்களைப் பத்திச் சொல்லுங்க." நாங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த பதில் ஒன்று உண்டு. பெயர், அப்பா பெயர், அப்பா என்ன வேலை, அம்மா இல்லத்தரசி, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், பள்ளிக்கூடம், கல்லூரி, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, என் பலம் கடின உழைப்பு. கல்லூரியில் மனப்பாடம் செய்ய வைத்தது. பெயரும் படிப்பும் படிவத்திலேயே இருக்கிறது. இதைச் சொல்லி முடிக்கும்போது கேட்பவர்களுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது, அதனால் "சரி, டெபிட், கிரெடிட்னா என்ன?" என்று புத்தகத்துக்குத் தாவுவார்கள்.

நீ ஒரு நிமிடம், கூடிப்போனால் ஒன்றரை நிமிடம் பேசு. முதலில் இப்போது என்ன செய்கிறாய். பிறகு அதில் ஒரே ஒரு காரியம், கொஞ்சம் கிட்டத்தில் காட்டி. கடைசியாக அதற்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு. உனக்கு இப்படி வரும்:

"பி.காம். முடிச்சிருக்கேன் சார். ஆறு மாசமா களக்காட்டுல ஒரு வாழைத்தார் மண்டியில கணக்கு பார்க்கிறேன். காலைல தார் வந்து இறங்கும்போது யாரோடது, எத்தனை தார், என்ன விலைக்குப் போச்சுன்னு சிட்டையில எழுதுவாங்க. அதை நான் டேலியில ஏத்துவேன். சாயங்காலம் கமிஷன், இறக்குக் கூலி, விவசாயிக்குக் குடுத்த பணம் எல்லாம் போக கல்லாவுல இருக்கிற ரொக்கமும் டேலியில வர்ற இருப்பும் ஒத்து வரணும். வரலைன்னா எங்க விட்டுச்சுன்னு கண்டுபிடிச்ச பிறகுதான் கிளம்புவேன். பில்லிங் கவுன்டர்லயும் ஷிப்ட் முடியும்போது இதே மாதிரி ரொக்கத்தை ஒப்படைக்கணும்னு கேள்விப்பட்டேன். அதான் விண்ணப்பிச்சேன். ஆஸ்பத்திரி பில் முறை எனக்குப் புதுசு, அதைக் கத்துக்கணும்."

இதில் நீ செய்யாதது ஏதாவது இருந்தால் எடுத்துவிடு, செய்கிறதைப் போட்டுக்கொள். அடுத்து என்ன கேட்பார்கள் என்று பார். "ரொக்கம் ஒத்து வரலைன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள். அது நீ தினம் செய்கிற வேலை. வித்தியாசத் தொகையைச் சிட்டையில் தேடுவது, அந்தத் தொகையில் பாதியைத் தேடுவது, ஏனென்றால் வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாக வரும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது, 540-ஐ 450 என்று எழுதினால் 90 உதைக்கும். இதை நீ சொல்லும்போது கணக்கு மேலாளர் நிமிர்ந்து உட்காருவார். அவரும் இதே வழியில்தான் தேடிப் பழகியவர்.

அந்தப் பதிலை வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்யாதே, ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். மண்டியில் ஒரு நாள் எப்படிப் போகும் என்ற வரிசையை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு, போனில் பதிவு செய்து இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் இதையே நாலைந்து சின்ன வாக்கியமாகச் சொல்லத் தயாராக இரு. சிக்கினால், "மீதியைத் தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. கவுன்டரில் வரும் நோயாளிகளிடம் பேசப்போவது தமிழ்தான்.

பேச்சு சரியாகப் போகிறதா என்று அங்கேயே தெரியும். நீ சொன்னதிலிருந்து அடுத்த கேள்வியை எடுத்தால் பிடி கிடைத்துவிட்டது. "சரி சரி, அப்புறம்?" என்று இடையில் வெட்டினால், அல்லது மூன்று பேரும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், நீ நீட்டுகிறாய் என்று அர்த்தம். அந்த வாக்கியத்தை முடித்து நிறுத்திவிடு. சில இடங்களில் சாப்பாடு, ஊர் என்று எதுவும் பேசாமல் உட்கார்ந்ததும் நேரே கேள்விக்குப் போவார்கள், எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் வைத்திருப்பார்கள். உன்னைப் பிடிக்கவில்லை என்று பயந்துவிடாதே, அது அவர்கள் முறை. அங்கேயும் முதல் கேள்வியின் பதிலில் மண்டி உதாரணம் ஒன்றை நுழைத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னொன்று இருக்கிறது. படிவத்தில் "உங்களைப் பற்றி விசாரிக்கத் தக்கவர்" என்று இரண்டு பேர் பெயரும் நம்பரும் கேட்கலாம். அதில் ஒருவராக மண்டிக்காரரைப் போடுவதாக இருந்தால் அவரிடம் முன்பே கேட்டுவிடு. வேறு வேலை தேடுவது அவருக்கு இன்னும் தெரியாது என்றால் அவரைப் போடாமல், கல்லூரியில் பாடம் எடுத்த ஆசிரியர் இருவரிடம் சம்மதம் வாங்கிக்கொள். உள்ளே, "இப்ப இருக்கிற இடத்துல விசாரிக்கலாமா?" என்று கேட்டால், "வேலை உறுதியான பிறகு விசாரிச்சுக்கோங்க சார், அவங்ககிட்ட நானே சொல்லிட்டு வரணும்" என்று நேராகச் சொல். இதை யாரும் மறுப்பதில்லை.